பணம் முழுக்க ரூபாயில் இருந்தால்: முதல்முறையாக வெளிநாட்டு முதலீட்டைச் சேர்ப்பது எப்படி

கோவையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு பம்ப் கம்பெனியில் பொறியாளர். மனைவி பள்ளி ஆசிரியை. மகளுக்கு ஒன்பது வயது. சொந்த வீடு இன்றைய விலைக்கு 80 லட்சம். பி.எஃப். 14 லட்சம், வங்கி வைப்பு 8 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 18 லட்சம். கம்பெனி கொடுத்த பங்குகள் 5 லட்சம். நகையும் காசுமாகத் தங்கம் 25 லட்சம். ஆக மொத்தம் ஒன்றரைக் கோடி. கேட்டால், "எல்லாத்தையும் பிரிச்சுத்தானே வச்சிருக்கோம்" என்பார்கள். வீடு, தங்கம், வங்கி, பங்கு என்று பார்த்தால் பிரித்த மாதிரிதான் தெரிகிறது.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தியப் பொருளாதாரம் பத்து வருடம் படுத்துவிட்டால் இவற்றில் எது தப்பிக்கும்? வீட்டு விலை ஏறாமல் நின்றுவிடும். ஃபண்டும் ஏறாது. பம்ப் விற்பனை குறைந்தால் கம்பெனிப் பங்கும் இறங்கும், சம்பள உயர்வும் நிற்கும். வைப்பும் பி.எஃப்.பும் எண்ணிக்கையில் குறையாது. ஆனால் ரூபாயின் மதிப்பு சரிந்தால் அவற்றால் வாங்க முடிகிற பொருள் குறைந்துவிடும். தங்கம் மட்டும் தனி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சொந்த நாட்டுச் சொத்துகளையே வாங்கி நிரப்பிக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு ஹோம் பயஸ் என்று பெயர்; உள்நாட்டுச் சாய்வு என்று சொல்லலாம். இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. 1991-இல் கென்னத் ஃபிரெஞ்ச், ஜேம்ஸ் பொடெர்பா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்தபோது, அமெரிக்கர்களின் பங்கு முதலீட்டில் 90 சதவீதத்துக்கு மேல் அமெரிக்காவிலும், ஜப்பானியர்களுடையதில் ஏறத்தாழ முழுவதும் ஜப்பானிலுமே இருந்தது.

அந்த ஜப்பானியர்களின் கதையைச் சொல்லியாக வேண்டும். நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளியில் முடிந்தது. அந்த உயரத்தை அது மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. நடுவே 34 வருடம். முப்பது வயதில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஓய்வே பெற்றுவிட்டார். இத்தனைக்கும் ஜப்பானில் போர் வரவில்லை, பெரிய கம்பெனிகள் எல்லாம் மூடிவிடவில்லை. விலை மட்டும் அளவுக்கு மீறி ஏறியிருந்தது, இறங்கியது, எழுந்திருக்கவில்லை.

"இந்தியா வளரும் நாடு, இங்கே அப்படி நடக்காது" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2008 ஜனவரி 8 அன்று நிஃப்டி சுமார் 6,287. அன்று ஒரு டாலர் 39 ரூபாய் 30 காசு வாக்கில் இருந்தது. வகுத்தால் 160 வருகிறது. அதுதான் நிஃப்டியின் டாலர் விலை. 2017 கடைசியில் நிஃப்டி 10,530, டாலர் 63 ரூபாய் 90 காசு. வகுத்தால் 165. ரூபாயில் 67 சதவீதம் ஏறிய சந்தை, டாலரில் பத்து வருடத்துக்கு வெறும் 3 சதவீதம். இதே காலத்தில் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளை அளக்கும் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 1,390-லிருந்து 2,673-க்குப் போனது. எதிலும் டிவிடெண்டைச் சேர்க்கவில்லை.

உச்சத்திலிருந்து கணக்கை ஆரம்பித்து ஆளை மிரட்டுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அதற்கு முந்தைய பத்து வருடத்தையும் பாருங்கள். 1999 கடைசியில் எஸ் அண்ட் பி 1,469. 2009 கடைசியில் 1,115. அமெரிக்காவை மட்டும் நம்பியவர் பத்து வருடம் காத்திருந்து நஷ்டத்தில் நின்றார். அதே காலத்தில் நம் சென்செக்ஸ் 5,005-லிருந்து 17,464-க்கு வந்தது. அடுத்த பத்து வருடம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் முழுத் தொகையையும் ஒரு பக்கம் கட்டுவதுதான் ஆபத்து. அமெரிக்கா ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில் போகிறவர் இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

முதல் வேலை: நோட்டில் ஒரு பட்டியல்

ஒரு பக்கத்தில் எல்லாச் சொத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் 'எந்த நாட்டை நம்பியிருக்கிறது', மற்றதில் 'அசைக்க முடியுமா'. பங்கா, கடனா என்ற பிரிவெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

இங்கேதான் தங்கம் வருகிறது. நம் ஊரில் தங்கத்தின் விலை உள்ளூரில் பிறப்பதில்லை. உலகச் சந்தையின் டாலர் விலையை ரூபாயாக்கி, அதன்மேல் இறக்குமதி வரியைச் சேர்த்துத்தான் நகைக்கடைப் பலகையில் எழுதுகிறார்கள். ரூபாய் விழுந்தால் தங்கம் தானாக ஏறும். நம் பாட்டிகள் அட்டிகை வாங்கி வைத்தபோது, பெயர் தெரியாமலே ரூபாய்க்கு வெளியே ஒரு சொத்தைச் சேர்த்தார்கள். அதனால் கோவைக் குடும்பம் நூற்றுக்கு நூறு ரூபாயில் மாட்டியிருக்கவில்லை. ஆறில் ஒரு பங்கு வெளியே இருக்கிறது. ஆனால் சில குறைகள் உண்டு. தங்கம் எந்தத் தொழிலின் லாபத்திலும் பங்கு தராது. நகையாக இருப்பதை விற்க வீட்டில் யாருக்கும் மனசு வராது. அரசாங்கம் நினைத்தால் விலையும் ஒரே நாளில் மாறும்: 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமானபோது உள்ளூர் விலை உடனே இறங்கியது.

ஃபண்டுகளை எழுதும்போது பெயரைப் பார்த்து எழுதாதீர்கள். மாதாமாதம் வெளிவரும் ஃபேக்ட்ஷீட்டைத் திறந்து எந்தப் பங்குகள் இருக்கின்றன என்று பாருங்கள். சில ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டுகள் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பங்கில் வைத்திருக்கும். அந்தப் பகுதியை மட்டும் வெளிநாடு என்று எழுதுங்கள். நிஃப்டி 50-இல் உள்ள ஐ.டி., மருந்துக் கம்பெனிகள் டாலரில் சம்பாதிக்கின்றன என்பது உண்மை. இருந்தாலும் அந்தக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கி, நிதித்துறைதான். உங்கள் போனுக்குள் இருக்கும் சிப்பைச் செய்யும் கம்பெனியோ, அந்தச் சிப்பைச் செய்யும் இயந்திரத்தைச் செய்யும் கம்பெனியோ அதில் கிடையாது.

இரண்டாவது: பின்னால் வரப்போகும் டாலர் செலவு

எவ்வளவு வெளிநாட்டில் வைக்கலாம் என்பது, பின்னால் நீங்கள் எந்த நாணயத்தில் செலவழிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாழ்நாள் முழுக்க அரிசி, பருப்பு, கரண்ட் பில் என்று ரூபாயிலேயே செலவு செய்பவர் சொத்தில் பெரும்பகுதியை ரூபாயில் வைப்பது தப்பே இல்லை. உலகப் பங்குச்சந்தையில் இந்தியாவின் எடை சில சதவீதம்தான் என்பதற்காக, நாமும் சில சதவீதம்தான் இந்தியாவில் வைக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

ஆனால் மகளை வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க வைக்கும் ஆசை இருந்தால் கணக்கு மாறும். வருடத்துக்கு 40,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010 கடைசியில் டாலர் 45 ரூபாய். அது 18 லட்சம். 2024 கடைசியில் டாலர் 85 ரூபாய்க்கு மேல். அதே 40,000 டாலர் 34 லட்சம். கல்லூரி ஒரு டாலர்கூட ஏற்றாவிட்டாலும் இப்படி. வருடத்துக்குச் சராசரியாக நாலரை சதவீதம், சத்தமில்லாமல்.

பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு நான் சொல்வது, பங்கு முதலீட்டில் மட்டும் நான்கில் ஒரு பங்கு வெளிநாட்டில் இருக்கட்டும் என்பதுதான். டாலர் செலவு உறுதியாகத் தெரிந்தால் மூன்றில் ஒரு பங்குவரை போகலாம். இது சூத்திரமில்லை, என் கணிப்பு. 5 சதவீதம் வைப்பதால் வேலைதான் மிச்சம்; இந்தியா படுத்தாலும் அது காப்பாற்றாது. வீட்டையும் பி.எஃப்.பையும் இந்தக் கணக்கில் இழுக்க வேண்டாம், அவற்றை எப்படியும் அசைக்க முடியாது. அவசரச் செலவுக்கான வங்கி வைப்பும் ரூபாயிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது: எதை விற்பது, எதைத் திருப்புவது

கோவைக் குடும்பத்தின் பங்கு முதலீடு ஃபண்டில் 18, கம்பெனிப் பங்கில் 5, ஆக 23 லட்சம். மாதம் 25,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போகிறது. அதிலிருந்து 10,000 ரூபாயை வெளிநாட்டு ஃபண்டுக்குத் திருப்புகிறார்கள் என்று வைப்போம். சந்தை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று கொண்டால், ஐந்து வருடத்தில் வெளிநாட்டில் 6 லட்சம், மொத்தம் 38 லட்சம். 16 சதவீதம்தான் ஆகிறது. மகளுக்கு அப்போதே பதினான்கு வயது.

விற்றால் முதலில் விற்க வேண்டியது கம்பெனிப் பங்கு. சம்பளம் வரும் இடத்திலேயே சேமிப்பும் இருப்பது உள்நாட்டுச் சாய்வைவிட மோசமான சாய்வு. வேலை போகும் அன்று பங்கும் விழுந்திருக்கும். இந்தியச் சந்தையில் பட்டியலான பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். இவர்களுடைய 5 லட்சத்தில் லாபம் 2.4 லட்சம் என்றால், பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்றாலே இரண்டு நிதியாண்டு ஆகிவிடும், வரி கட்ட வேண்டியிருக்காது. அதே ஆண்டுகளில் மற்ற ஃபண்டை விற்ற லாபமும் இந்த 1.25 லட்சத்துக்குள்தான் வரும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

அந்த 5 லட்சத்தைப் பகுதி பகுதியாக வெளிநாட்டு ஃபண்டுக்கு மாற்றி, எஸ்.ஐ.பி. 10,000-மும் போனால், இரண்டு வருடத்தில் வெளிநாட்டில் 7.4 லட்சம், மொத்தம் 29 லட்சம். 25 சதவீதம் வந்துவிட்டது. நன்றாகப் போகும் இந்திய ஃபண்டைத் தொடவே வேண்டியதில்லை.

நான்காவது: எந்த வழியாக

சிறு தொகைக்கு எளிய வழி, இந்திய மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனி நடத்தும் வெளிநாட்டு ஃபண்ட். ரூபாயில் கட்டலாம், எஸ்.ஐ.பி. போடலாம், ரூபாயிலேயே திரும்பி வரும். பெரும்பாலும் 'ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்' என்ற பெயரில் இருக்கும். அதாவது இங்கே நீங்கள் கட்டும் பணம் வெளிநாட்டில் ஏற்கனவே இருக்கும் ஒரு ஃபண்டை வாங்கும். இரண்டு இடத்திலும் செலவு பிடிப்பார்கள், இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

இதில் ஒரு பூட்டு இருக்கிறது. எல்லா மியூச்சுவல் ஃபண்டும் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் உச்சவரம்பு; பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகளான இ.டி.எஃப்.களில், வெளிநாட்டில் உள்ளவற்றில் போடுவதற்குத் தனியாக 100 கோடி டாலர். 2022 தொடக்கத்திலேயே முதல் வரம்பு நிரம்பி, புதுப் பணத்தை நிறுத்தச் சொன்னது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி. அதற்கப்புறம் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறது. ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும் முன், புது எஸ்.ஐ.பி. வாங்குகிறார்களா, மாதம் எவ்வளவு வரை என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். ஒரு ஃபண்ட் மூடினால் போட இரண்டாவது ஒன்றைக் குறித்து வையுங்கள்.

கதவு மூடியிருக்கும்போது பலர் சந்தையில் விற்கும் வெளிநாட்டு இ.டி.எஃப். பக்கம் போவார்கள். நான் ஒருமுறை பட்டது அங்கேதான். புது யூனிட் உருவாக்க முடியாததால், இருக்கும் யூனிட்டுக்கே போட்டி. விலை அதன் உண்மை மதிப்பைவிட மேலே போய்விடும். உள்ளே 100 ரூபாய்ப் பொருள்தான், நான் கொடுத்தது 112. அப்புறம் அமெரிக்கச் சந்தை ஏறியது, என் யூனிட் ஏறவில்லை. கூடுதலாகக் கொடுத்த பன்னிரண்டு ரூபாய் கரைந்துகொண்டிருந்தது. வாங்கும் முன் ஃபண்ட் கம்பெனியின் தளத்தில், யூனிட்டின் உண்மை மதிப்பைக் காட்டும் `iNAV` என்ற எண்ணைப் பாருங்கள். சந்தை விலை அதைவிட 1 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால் அன்று வாங்காதீர்கள்.

பெரிய தொகை என்றால் எல்.ஆர்.எஸ். வழி. ரிசர்வ் வங்கியின் இந்தத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்புவது நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வங்கி 20 சதவீதத்தை டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியாகப் பிடிக்கும், அது உங்கள் வருமான வரியில் கழியும் அல்லது திரும்பி வரும். அதுவரை பணம் முடங்கும், அவ்வளவுதான். மாதம் 10,000 அனுப்ப இந்த வழி ஆகாது. ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணமும் மாற்று விகித வித்தியாசமுமாக 700 ரூபாய் போனால், போட்ட அன்றே 7 சதவீதம் நஷ்டம்.

நேரடியாக வாங்குவதில் இன்னும் இரண்டு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்று, வருமான வரிப் படிவத்தில் `Schedule FA` என்ற பகுதியில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்ட வேண்டும். `ITR-1` போட முடியாது. நிதியாண்டுக்கு இல்லாமல் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்குக் காட்ட வேண்டும் என்பதால் நிறையப் பேர் இதில் தப்பு செய்கிறார்கள். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் 2024 அக்டோபர் முதல் இல்லை. ஆனால் காட்டவேண்டிய கடமை இருக்கிறது. இந்திய ஃபண்ட் வழியாகப் போனால் இந்தத் தொல்லையே கிடையாது.

இரண்டாவது, அமெரிக்காவின் வாரிசுச் சொத்து வரி. அங்கே குடியில்லாத வெளிநாட்டவர் இறக்கும்போது அமெரிக்கப் பங்கும் அங்கே பதிவான இ.டி.எஃப்.பும் 60,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 40 சதவீதம் வரை வரி உண்டு. நமக்கும் அவர்களுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லை. அயர்லாந்தில் பதிவான இ.டி.எஃப். வாங்கினால், உள்ளே அமெரிக்கப் பங்குகளே இருந்தாலும் இந்த வரி வராது.

கோவைக் குடும்பத்துக்கு இந்திய ஃபண்ட் வழியே போதும்.

ஐந்தாவது: எந்த ஃபண்ட்

இங்கே எளிதில் கிடைப்பது, அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பெனிகளே பெரும்பகுதியாக இருக்கும் நாஸ்டாக் 100 குறியீட்டு ஃபண்ட். அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். ஒரு நாட்டை நம்பியிருக்கக்கூடாது என்று கிளம்பி, இன்னொரு நாட்டின் ஒரு துறையில் போய் உட்கார்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வளர்ந்த நாடுகள் எல்லாவற்றையும் அளக்கும் குறியீட்டு ஃபண்ட் கிடைத்தால் அதை எடுங்கள். அதிலும் அமெரிக்கா பாதிக்கு மேல் இருக்கும். ஆனால் ஜப்பான், பிரிட்டன், ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி எல்லாம் கூடவே வரும். கிடைக்காவிட்டால் எஸ் அண்ட் பி 500. நாஸ்டாக் கடைசி.

விழும்போது என்ன ஆகும்

வெளிநாட்டு முதலீடு விழாது என்று நினைத்து வாங்குபவர் முதல் சரிவிலேயே விற்றுவிடுவார். பெரிய சரிவில் எல்லாச் சந்தையும் சேர்ந்துதான் விழும். 2008-இல் சென்செக்ஸ் 52 சதவீதம் விழுந்தது. எஸ் அண்ட் பி 38 சதவீதம். ஆனால் அந்த ஒரு வருடத்தில் டாலர் 39 ரூபாயிலிருந்து 48 ரூபாய்க்கு மேலே போனது. அதனால் அமெரிக்கச் சந்தையில் பணம் வைத்திருந்த இந்தியருக்கு ரூபாய்க் கணக்கில் நஷ்டம் கால் பங்குதான். உலகம் பயந்தால் பணம் டாலரை நோக்கி ஓடும், ரூபாய் விழும். அந்த விழுகை நமக்கு மெத்தையாகிறது. எப்போதும் இப்படியே நடக்கும் என்று கையெழுத்துப் போட முடியாது. ரூபாய் ஏறும் வருடங்களில் இதே காரணத்தால் வெளிநாட்டு ஃபண்ட் பின்தங்கும்.

வருடத்துக்கு ஒருமுறை

மார்ச் முதல் வாரத்தில் அந்த நோட்டை எடுங்கள். பங்கு முதலீட்டில் வெளிநாட்டுப் பகுதி 20 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் நடுவே இருந்தால் மூடி வைத்துவிடலாம். 30-ஐத் தாண்டினால் அடுத்த வருட எஸ்.ஐ.பி. முழுவதையும் நிஃப்டி ஃபண்டுக்குத் திருப்புங்கள். 20-க்குக் கீழே போனால் வெளிநாட்டுப் பக்கம் கூட்டுங்கள். விற்பதைவிட இது மலிவு. 20-க்குக் கீழே போகும் வருடத்தில்தான் கை வராது. இந்தியா நன்றாக ஓடியிருக்கும், வெளிநாட்டு ஃபண்ட் சிவப்பில் இருக்கும், பக்கத்துச் சீட்டுக்காரர் ஸ்மால் கேப்பில் போட்டது இரட்டிப்பாகியிருக்கும். அந்த வருடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை இப்போதே அதே நோட்டில், பட்டியலுக்குக் கீழே, தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். கணவன் மனைவி இருவருமே போடுங்கள்.